‘நாளைக்கு அனுப்பிடறோம் மேடம்!’ - வராத விவரங்களைத் தேதி போட்டுக் கேட்பது எப்படி?

முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்துகொடுப்பவர். வண்டலூர் பக்கம் இருக்கும் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியின் வேலை கையில் இருக்கிறது. மார்ச் 16, திங்கட்கிழமை சைட் திறக்க வேண்டும். அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் பார்ப்பதற்காகப் பள்ளியே சொன்ன தேதி அது. டிசைன் முடிந்து, தாளாளர் ஓகே சொல்லி, பாதிப் பணமும் வந்துவிட்டது. அதோடு வேலை நின்றுவிட்டது.

“கன்டென்ட் இன்னும் வரல சார், சீக்கிரம் அனுப்புங்கன்னு நாலு தடவை வாட்ஸ்அப் பண்ணிட்டேன். நாளைக்கு அனுப்பிடறோம் மேடம்னு நாலு தடவையும் பதில் வந்தது. கடைசியில தேதி தள்ளிப்போனா பழி என் மேலதான் விழும். சண்டை போடாம எப்படிக் கேட்கிறது?” என்பது அவர் கேள்வி. எழுதிய நாள் பிப்ரவரி 17, செவ்வாய்.

இந்தக் கேள்வி வெப்சைட் செய்பவர்களுக்கு மட்டுமானது இல்லை. வீட்டில் கல்யாணம் நடத்தியவர்கள் பத்திரிகை அச்சடித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். “பேர் லிஸ்ட் வந்தாதான் சார் புரூஃப் போட முடியும்” என்று அச்சகத்துக்காரர் போன் செய்துகொண்டே இருப்பார். இங்கே நாம் பெரியப்பாவின் இனிஷியலுக்காக மதுரைக்குப் போன் போட்டுக்கொண்டிருப்போம். அவர் கேட்டது நம் காதில் விழாமல் இல்லை. நம் கையில் பதில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பள்ளியின் நிலைமையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வாசகியிடம் கொஞ்சம் விசாரித்ததில் அது உறுதியானது.

‘கன்டென்ட்’ என்றால் அவர்களுக்கு என்ன புரிந்தது?

பள்ளி சும்மா இருக்கவில்லை. ஜனவரியிலேயே பழைய பிராஸ்பெக்டஸை பி.டி.எஃப். ஆகவும், ஆண்டு விழா போட்டோக்களை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை கன்டென்ட் போய்விட்டது. மறுபடி கேட்டபோது, ‘இன்னும் கொஞ்சம் போட்டோ வேணும் போல’ என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் போட்டோக்களும் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததால் பெரிய திரையில் மங்கலாகத் தெரிந்தன. அதே போட்டோவை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் இணைத்து அனுப்பினால் அளவு குறையாமல் வந்து சேரும். இதைக் கேட்கும்போதே சொல்லியிருந்தால் ஒரு சுற்று மிச்சமாகியிருக்கும்.

உண்மையில் பாக்கி இருப்பது வேறு. சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் தன் வெப்சைட்டில் ‘மேண்டட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்’ என்று ஒரு பக்கம் வைத்தாக வேண்டும். பள்ளியைப் பற்றிய அடிப்படை உண்மைகளைப் பெற்றோர் பார்ப்பதற்காக வாரியம் கேட்கும் பக்கம் அது. இணைப்புக் கடிதம், அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பதிவுச் சான்று, மாநில அரசின் தடையில்லாச் சான்று, அங்கீகாரச் சான்று, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்பு, குடிநீர் - சுகாதாரம் என்று வரிசையாகச் சான்றிதழ்கள் அதில் ஏற வேண்டும். ஒவ்வொரு நகலிலும் பள்ளி நிர்வாகத்தின் தலைவர், மேலாளர், செயலாளர் ஆகியோரில் ஒருவரும், முதல்வரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கட்டண விவரம், கல்வி நாட்காட்டி, பள்ளி மேலாண்மைக் குழு மற்றும் பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் பட்டியல், கடந்த 3 ஆண்டுப் பொதுத்தேர்வு முடிவுகள், ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறைகளின் எண்ணிக்கையும் அளவும், கழிப்பறை எண்ணிக்கை, பள்ளி வளாகத்தைச் சுற்றிக்காட்டும் யூடியூப் வீடியோ எல்லாம் உண்டு.

இதையெல்லாம் ‘கன்டென்ட்’ என்ற ஒரே சொல்லில் கேட்டால் எதிரில் இருப்பவர் எதை எடுத்துத் தருவார்? சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கும். தேர்வு முடிவுகளும் ஆசிரியர் எண்ணிக்கையும் முதல்வரிடம் இருக்கும். வீடியோ எடுக்கலாமா வேண்டாமா என்பதைத் தாளாளர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் வாசகி நாலு தடவையும் தாளாளருக்கே செய்தி அனுப்பியிருக்கிறார். அவர் ‘பார்த்து அனுப்பிடுங்க’ என்று ஆபீசுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். எதைப் பார்த்து, எதை அனுப்புவது என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்கிவிடும். பள்ளி தேர்வு மையமாக இருந்தால் முதல்வருக்கு அந்த வாரங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் கேள்வித்தாள் வேலை, மதியம் விடைத்தாள் கட்டும் வேலை. தேர்வு நாள் காலை 10 மணிக்கு ‘மேடம், ரிசல்ட் டேட்டா’ என்று செய்தி போனால் அது மாலைக்குள் ஐம்பது செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

‘சீக்கிரம்’ என்பது தேதி இல்லை. ‘இந்த வாரத்துக்குள்’ என்பதும் அரைகுறைத் தேதிதான். கெடு எங்கிருந்து வருகிறது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் இஷ்டத்துக்கு வைத்த கெடுவாக அது தெரிந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். அவர்கள் சொன்ன தேதியிலிருந்தே அது பிறந்திருந்தால் வாதாட இடமில்லை.

வாசகியோடு சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். அவருக்கு ஞாயிறு விடுமுறை. 16-ம் தேதி திங்கள் காலை சைட் திறந்திருக்க வேண்டுமானால், 14-ம் தேதி சனிக்கிழமை ஏற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும். திருத்தங்களுக்கு 2 நாள், அதாவது 12, 13. பள்ளி படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்ல 3 நாள், அதாவது 9, 10, 11. பக்கங்களைக் கட்ட 6 நாள் என்றால் மார்ச் 2 முதல் 7 வரை. ஆக, எல்லா விவரமும் வந்துசேர வேண்டிய கடைசி நாள் பிப்ரவரி 28, சனிக்கிழமை. மொத்தம் 12 வேலை நாட்கள்.

இதில் பலரும் மறப்பது அந்த 3 நாள். பள்ளி படித்துப் பார்க்கும் நேரமும் கணக்கில் இருக்கிறது, அதுவும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால், விவரம் தாமதமாக வரும்போது நாம் அறியாமலேயே நம் தூக்கத்திலிருந்து அதை ஈடுகட்டிக்கொண்டிருப்போம்.

சரி, 28-க்குப் பதில் மார்ச் 4 புதன்கிழமை வந்தால்? மூன்று வேலை நாள் தாமதம். கணக்குப்படி சைட் 19-ம் தேதி திறக்கும். ஆனால் வாசகிக்கு மார்ச் 16 முதல் ஒரு கேட்டரிங் நிறுவனத்தின் வேலை காத்திருக்கிறது. பள்ளி வேலையின் திருத்தங்கள் அப்போது அதோடு மோதும். மூன்று நாள் தாமதம் ஒரு வாரமாக நீள்வது இப்படித்தான். இதையும் முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. மிரட்டலாக வேண்டாம், தகவலாகப் போதும்.

எல்லாவற்றுக்கும் 28 என்று ஒரே கெடு வைப்பதிலும் சிக்கல் உண்டு. எல்லாரும் 27-ம் தேதி இரவுதான் பீரோவைத் திறப்பார்கள். எது கிடைக்க நாளாகுமோ அதை முதலில் கேட்க வேண்டும். இந்த வேலையில் அப்படிப்பட்டவை இரண்டு. ஒன்று, சான்றிதழ்கள். அவற்றில் சிலவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. தீயணைப்புச் சான்று முடிந்துபோயிருந்தால் புதுப்பிக்க எத்தனை நாள் ஆகும் என்பது பள்ளி கையிலும் இல்லை. மற்றது, டொமைன் லாகின். பழைய சைட்டைச் செய்தவர் தன் கணக்கிலேயே, தன் போன் நம்பரிலேயே பள்ளியின் முகவரியைப் பதிவு செய்து வைத்திருப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கடைசி வாரத்தில் தேடக் கூடாது. இந்த இரண்டுக்கும் 21-ம் தேதி, மற்றவற்றுக்கு 28 என்று பிரித்தோம்.

அனுப்பிய மெயில்

ஒன்பது விஷயங்கள் பாக்கி. யார் தர வேண்டும் என்பதை வைத்து அவற்றைப் பிரித்து, தாளாளருக்கு ஒரே மெயில். முதல்வருக்கும் ஆபீஸ் சூப்பிரண்டுக்கும் அதன் நகல். வாசகி அனுப்பியது இங்கிலீஷில். இங்கே தமிழில் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் சொன்னபடி மார்ச் 16 திங்கள் அன்று பள்ளி வெப்சைட்டைத் திறக்க, கீழுள்ள 9 விவரங்கள் தேவைப்படுகின்றன. பிராஸ்பெக்டஸும் ஆண்டு விழா போட்டோக்களும் கிடைத்துவிட்டன, நன்றி.

பிப்ரவரி 21 சனிக்கிழமை மாலை 5 மணிக்குள்:
ஆபீஸிலிருந்து - டிஸ்க்ளோஷர் பக்கத்துக்கான சான்றிதழ்கள், இரண்டு கையெழுத்துகளுடன், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆக. ஏதாவது புதுப்பிப்பில் இருந்தால் அதன் பெயரை மட்டும் இப்போது சொன்னால் போதும்.
தாளாளர் அவர்களிடமிருந்து - தற்போதைய டொமைன் யார் பெயரில் இருக்கிறது, அவருடைய தொடர்பு எண்.

பிப்ரவரி 28 சனிக்கிழமை மாலை 5 மணிக்குள்:
முதல்வர் அவர்களிடமிருந்து - கடந்த 3 ஆண்டு 10, 12-ம் வகுப்புத் தேர்வு முடிவுகள், கல்வி நாட்காட்டி, ஆசிரியர் எண்ணிக்கை. இணைத்துள்ள படிவத்தில் எண்களை நிரப்பினால் போதும்.
ஆபீஸிலிருந்து - கட்டண விவரம். மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் பட்டியல். வகுப்பறை, ஆய்வகம், கழிப்பறை எண்ணிக்கையும் சதுர மீட்டரில் அளவுகளும்.
தாளாளர் அவர்களிடமிருந்து - பள்ளி வளாக வீடியோவின் யூடியூப் லிங்க்.

இவை 28-க்குள் கிடைத்தால் மார்ச் 9 முதல் 11 வரை நீங்கள் பார்த்துத் திருத்தம் சொல்ல சைட் தயாராக இருக்கும். அதற்குப் பிறகு வந்தால், தாமதமாகும் ஒவ்வொரு வேலை நாளுக்கும் திறப்பு குறைந்தது ஒரு நாள் தள்ளிப்போகும். 16 முதல் எனக்கு வேறொரு வேலை தொடங்குவதால் அது இன்னும் நீளலாம்.

இவற்றைத் திரட்டித் தர ஆபீசில் ஒருவரைச் சொன்னால், அவரோடு நேரில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். வியாழன் மதியம் 3 மணிக்கு நான் பள்ளிக்கு வரலாமா?”

வாட்ஸ்அப்பில் போனது இரண்டே வரி: “வணக்கம் சார். 16-ம் தேதி திறப்புக்குத் தேவையான லிஸ்ட் மெயிலில் அனுப்பியிருக்கேன். வியாழன் 3 மணிக்கு வரலாமான்னு மட்டும் சொல்லுங்க சார்.”

மெயிலில் கவனிக்க வேண்டிய சில வரிகள் உண்டு. ‘கிடைத்துவிட்டன, நன்றி’ என்ற வரி, அவர்கள் ஏற்கெனவே செய்ததை ஒப்புக்கொள்கிறது. அது இல்லையென்றால் ‘அதான் அனுப்பிட்டோமே’ என்ற பதில் வரும். ‘சதுர மீட்டரில்’ என்பதும் வேண்டும். நம் ஊரில் இடத்தைக் கேட்டால் ‘ரெண்டு ஏக்கர் மேடம்’ என்பார்கள். அந்தப் பக்கம் கேட்பதோ சதுர மீட்டர். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர் என்று நாமே போட்டுவிடலாம்தான். ஆனால் ‘ரெண்டு ஏக்கர்’ என்பது பத்திரத்தில் 1.87 ஏக்கராக இருந்தால்? கையெழுத்துப் போடுபவர்கள் அவர்கள். பதிவேற்றிய ஆவணங்கள் உண்மையானவை இல்லை என்று பின்னால் தெரிந்தால் பள்ளி மீது நடவடிக்கை என்று வாரியம் அந்தப் படிவத்திலேயே எச்சரித்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஓர் எண்ணைக்கூட நாமாக ஊகித்து நிரப்பக் கூடாது, இன்னொரு பள்ளியின் பக்கத்திலிருந்து வாக்கியங்களை எடுத்து ஒட்டவும் கூடாது.

மிக முக்கியமானது ‘புதுப்பிப்பில் இருந்தால் பெயரை மட்டும் சொன்னால் போதும்’ என்ற வரி. ஒன்பதில் எட்டு வந்து, ஒன்று மட்டும் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறதென்றால், பெரும்பாலும் அந்தக் காகிதம் அவர்களிடம் இல்லை அல்லது காலாவதியாகிவிட்டது. அதை வெளியாளிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ள யாருக்கும் கூச்சம் இருக்கும். ஆறாவது நினைவூட்டல் அனுப்பினாலும் வராது. போன் எடுத்து, “தீயணைப்புச் சான்று ரினியூவலுக்குக் கொடுத்திருக்கீங்களா சார்? எப்போ வரும்னு தெரிஞ்சா அதை மட்டும் பிறகு ஏத்திக்கலாம்” என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

‘நாளைக்கு’ என்று மட்டும் பதில் வந்துகொண்டே இருந்தால், என்ன வேண்டும் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பட்டியலோடு நேரில் போய்விடுங்கள். ‘ஆபீஸ்ல கேளுங்க’, ‘பிரின்சிபால்கிட்ட கேளுங்க’ என்று பந்து போய்க்கொண்டிருந்தால் பொறுப்பாளர் என்று யாரும் இல்லை. ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாசகியின் பயம், பழி யார் மேல் என்பது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 67-வது பிரிவு. வேலையைச் செய்து முடிக்கத் தேவையான நியாயமான வசதியை, வேலை கொடுத்தவரே தராமல் அலட்சியம் செய்தால், அதனால் முடியாமல் போனதற்கு வேலை செய்பவர் பொறுப்பில்லை என்கிறது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் சுவாரஸ்யமானது. ஒருவர் இன்னொருவரின் வீட்டைப் பழுதுபார்க்க ஒப்புக்கொள்கிறார். எங்கெங்கே பழுது என்று வீட்டுக்காரர் காட்டவே இல்லை. அதனால் வேலை நடக்காவிட்டால் பழுதுபார்ப்பவர் மீது குற்றமில்லை. 150 வருடத்துக்கு முந்தைய ‘கன்டென்ட் வரல சார்’!

ஆனால் இதை வைத்துப் பெரிதாகத் தெம்பு கொள்ள வேண்டாம். அவர்கள் தராததால் நின்றுபோன பகுதிக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. டிசைனை நீங்களே பத்து நாள் தாமதமாகக் கொடுத்திருந்தால் அதற்கு இது உதவாது. எதை, எப்போது, யாரிடம் கேட்டீர்கள் என்று காட்ட வேண்டியும் வரும். போனில் பத்து தடவை கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. நேரில் போய்ப் பேசினாலும் அன்று மாலையே ‘இன்று பேசியபடி...’ என்று இரண்டு வரி மெயில் அனுப்பிவிடுவது இதற்காகத்தான். நடைமுறையில் இவ்வளவு சின்ன வேலைக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ‘நீங்கதான் லேட்’ என்ற பேச்சு வரும்போது அந்த மெயிலைக் காட்டலாம், அதுவே போதும்.

பண விஷயத்தில் சட்டத்தைவிட ஒப்பந்த வரிகள்தான் கைகொடுக்கும். வாசகி எழுதிக்கொண்டது, பாதி முன்பணம், மீதி சைட் திறந்த பிறகு. இதில் பள்ளி விவரம் தராதவரை சைட் திறக்காது, சைட் திறக்காதவரை பணமும் வராது. அடுத்த வேலையிலிருந்து அவர் மாற்றிக்கொள்ளப்போவது இரண்டு வரிகள். டிசைன் ஒப்புதலானதும் இன்னொரு தவணை. பிறகு, ‘முடித்துத் தரும் காலம், வாடிக்கையாளர் தர வேண்டிய எல்லா விவரங்களும் வந்துசேர்ந்த நாளிலிருந்து 12 வேலை நாட்கள்’ என்பது. காலண்டர் தேதி மட்டும் எழுதினால் கடிகாரம் உங்களுக்கு மட்டும் ஓடும்.

வியாழன் மதியம் முடிச்சூரிலிருந்து ஸ்கூட்டரில் போய் வந்திருக்கிறார். ஆபீஸ் சூப்பிரண்டு பீரோவைத் திறந்து, அரை மணி நேரம் என்று நினைத்தது ஒன்றரை மணி நேரமானாலும், சான்றிதழ் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டார். எதிர்பார்த்தபடியே ஒன்று புதுப்பிப்பில் இருக்கிறது. டொமைன் பழைய ஆளின் கணக்கில்தான் இருக்கிறது. நல்லவேளையாக அவர் போனை எடுத்தார், மாற்றித் தர ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை வாசகி அனுப்ப வேண்டிய அடுத்த மெயில் புதுக் கடிதம் இல்லை. அதே மெயிலுக்குப் பதிலாக, அதே பட்டியல், வந்தவற்றின் எதிரில் ‘கிடைத்தது’ என்று குறித்து, பாக்கி எத்தனை என்று மேலே ஓர் எண். 28-ம் தேதியும் தாண்டிவிட்டால் மார்ச் 2 காலையில் ஒரு கேள்வி மட்டும்: “புதுப்பிப்பில் உள்ள சான்று வராத நிலையில், மற்ற பக்கங்களை 16-ம் தேதி திறந்து, அதைக் கிடைத்ததும் சேர்க்கலாமா? அல்லது முழுதும் வரும்வரை காத்திருக்கலாமா? உங்கள் முடிவை இந்த மெயிலிலேயே தெரிவித்தால் அதன்படி செய்கிறேன்.” டிஸ்க்ளோஷர் பக்கத்துக்கு வாரியத்திடம் பதில் சொல்ல வேண்டியது பள்ளி என்பதால், அந்த முடிவு பள்ளியின் எழுத்தில்தான் இருக்க வேண்டும்.